மூன்று குற்றச்சாட்டு, ஓர் அறிக்கை: பணியிடப் புகார் விசாரணை எப்படிப் பதிவாகிறது?

அலுவலகத்தில் ஒரு பெண் ஊழியர் தன் மேலதிகாரி மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தால், இரண்டே நாளில் கேன்டீன் இரண்டு கட்சியாகிவிடும். "அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை" என்று ஒரு கட்சி. "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று இன்னொரு கட்சி. இரு தரப்புக்கும் சான்று எதுவும் தேவைப்படாது. ஆளைத் தெரிந்திருப்பதே அவர்களுக்குப் போதும்.

அதே கட்டடத்தில் நான்கைந்து பேர் மட்டும் எந்தக் கட்சியிலும் சேர முடியாது. அவர்கள்தான் உள்ளகப் புகார்க் குழு. பேச்சுவழக்கில் ஐ.சி. கமிட்டி. இவர்கள் விசாரித்து, கையெழுத்திட்டு நிர்வாகத்திடம் தரும் அறிக்கையை வைத்தே ஒருவரின் வேலையும் இன்னொருவரின் நிம்மதியும் முடிவாகின்றன. அந்த அறிக்கை எப்படி எழுதப்படுகிறது, எங்கே சறுக்குகிறது என்பது அதில் பெயர் வந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை.

சட்டத்தின் பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1997-ல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்கள், 2013-ல் பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டமாக உருப்பெற்றன. இதைத்தான் 'போஷ் சட்டம்' என்கிறார்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் எந்த இடத்திலும் இந்தக் குழு இருக்க வேண்டும். தலைவராக மூத்த பெண் ஊழியர் ஒருவர், ஊழியர்களில் இருந்து குறைந்தது இரண்டு பேர், நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத வெளி உறுப்பினர் ஒருவர் என்பது அதன் அமைப்பு. மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும்.

அறிக்கை எழுதும் வேலையை ஒரு வழக்கை வைத்துப் பார்ப்பது எளிது. கீழே வருவது விளக்கத்துக்காகக் கட்டிய கற்பனை வழக்கு. ஆனால் இதில் வரும் சிக்கல்கள் இத்தகைய விசாரணைகளில் வழக்கமாக எழுபவைதான்.

புகாரைப் பிரித்தல்

ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்க்கும் பெண், தன் பிரிவு மேலாளர் மீது ஜூன் 2 அன்று எழுத்துமூலம் புகார் கொடுக்கிறார். மூன்று பக்கப் புகார். இரவில் வந்த வாட்ஸ்அப் செய்திகள், ஸ்டாக் ரூமில் நடந்த சம்பவம், சம்பள உயர்வு மதிப்பெண் குறைந்தது, மேலாளரின் பொதுவான சுபாவம், வீட்டில் பட்ட வேதனை எல்லாம் அதில் கலந்து கிடக்கின்றன. மனம் நொந்து எழுதுபவர் அப்படித்தான் எழுதுவார். அதைக் குறையாகச் சொல்ல முடியாது.

குழுவின் முதல் வேலை, விசாரித்து விடை காணக்கூடிய கேள்விகளாக இந்த மூன்று பக்கங்களைப் பிரிப்பது. இந்த வழக்கில் மூன்று கேள்விகள் தேறின. ஒன்று, ஏப்ரல் 8 முதல் மே 12 வரை வேலைக்குச் சம்பந்தமில்லாத, பாலியல் தொனியுள்ள செய்திகளை அவர் அனுப்பினாரா? இரண்டு, ஸ்டாக் ரூமில் புகார்தாரரின் கையைப் பிடித்து, தோளில் கை வைத்தாரா? மூன்று, இணங்காததற்குப் பழிவாங்க அவருடைய ஆண்டு மதிப்பெண்ணைக் குறைத்தாரா?

இந்தப் பிரிப்பு சரியாக அமையாவிட்டால் பின்னால் எதுவும் சரியாக அமையாது. "மேலாளர் பெண்களிடம் தவறாக நடப்பவரா?" என்று கேட்டுக்கொள்ளும் குழு, ஒரு மனிதரின் குணத்தை விசாரிக்கப் போய்விடும். குணத்துக்குச் சாட்சி சொல்ல ஊரே வரும். ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில் என்ன நடந்தது என்பதற்குத்தான் சாட்சி கிடைப்பது அரிது. அறிக்கை பதில் சொல்ல வேண்டியது அந்த அரிய கேள்விக்கு.

புகாரின் தேதியையும் இங்கேயே சரிபார்த்துவிட வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள், தொடர் சம்பவங்கள் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் வர வேண்டும். அந்தக் காலத்துக்குள் கொடுக்க முடியாத சூழல் இருந்தால், காரணத்தை எழுதி வைத்துக் குழு இன்னும் மூன்று மாதம் வரை அவகாசம் தரலாம். நம் வழக்கில் சிக்கல் இல்லை. ஏப்ரலில் தொடங்கியது ஜூன் தொடக்கத்தில் புகாராகிவிட்டது.

நடைமுறையின் நாட்குறிப்பு

அறிக்கையின் அடுத்த பகுதி படிக்கச் சுவையற்றது. எந்தத் தேதியில் என்ன செய்தோம் என்ற பட்டியல். ஆனால் பல அறிக்கைகள் பின்னால் நீதிமன்றத்தில் விழுவது இந்தப் பட்டியலில் உள்ள ஓட்டைகளால்தான்.

புகார் கிடைத்த ஏழு வேலை நாட்களுக்குள் அதன் நகல் எதிர்தரப்பினருக்குப் போக வேண்டும். அவர் பத்து வேலை நாட்களுக்குள் தன் பதிலையும், ஆவணங்கள், சாட்சிகளின் பட்டியலையும் தர வேண்டும். விசாரணை அமர்வில் தலைவர் உட்பட மூன்று பேராவது இருக்க வேண்டும். இரு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. தொடர்ந்து மூன்று அமர்வுகளுக்குத் தக்க காரணமின்றி ஒருவர் வராவிட்டால், பதினைந்து நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்த பிறகே அவர் இல்லாமல் முடிவெடுக்கலாம். மொத்த விசாரணையும் தொண்ணூறு நாட்களுக்குள் முடிய வேண்டும்.

சமரசம் பற்றியும் அறிக்கையில் ஒரு வரி வேண்டும். புகார்தாரர் தானாகக் கேட்டால் மட்டுமே சமரசத்துக்கு இடம் உண்டு. அதுவும் பணம் கொடுத்து முடிக்கும் சமரசமாக இருக்கக் கூடாது. நம் வழக்கில் புகார்தாரர் கேட்கவில்லை. "சமரச வாய்ப்பு பற்றிப் புகார்தாரருக்குத் தெரிவிக்கப்பட்டது, அவர் கோரவில்லை" என்று எழுதினால் போதும். அதற்கு மேல் வற்புறுத்திய தடயம் தெரிந்தால் குழுவின் நடுநிலையே கேள்விக்குள்ளாகும்.

இடைக்கால ஏற்பாடுகளும் இதே பகுதியில் வரும். புகார்தாரர் எழுத்தில் கேட்டதால், விசாரணை முடியும்வரை அவருடைய பணி மதிப்பீட்டை அந்த மேலாளர் எழுதக் கூடாது என்றும், வேறொருவரிடம் அவர் ரிப்போர்ட் செய்யலாம் என்றும் குழு பரிந்துரைத்தது, நிர்வாகமும் ஒப்புக்கொண்டது. தண்டனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விசாரணை நடக்கும்போது ஒருவர் கையில் இன்னொருவரின் வேலை சிக்கியிருக்கக் கூடாது என்பதற்காக மட்டுமே இந்த ஏற்பாடு. அறிக்கையில் அப்படியே எழுதவும் வேண்டும். இல்லாவிட்டால் 'முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க' என்ற வாதத்துக்கு அதுவே ஆதாரமாகிவிடும்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்குக் கோவா பல்கலைக்கழக வழக்கு ஓர் உதாரணம். மாணவிகளின் புகார்கள் மீது 2009-ல் அங்கே குழு விசாரணை நடந்தது. துறைத் தலைவராக இருந்த ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். தன் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய அவகாசம் தராமல் அமர்வுகளை மின்னல் வேகத்தில் முடித்தார்கள் என்று கண்ட உச்ச நீதிமன்றம், 2023 மே மாதத்தில் அந்தப் பணிநீக்கத்தை ரத்து செய்தது. வழுக்கிய இடத்திலிருந்து விசாரணையை மறுபடி நடத்தவும் சொன்னது. அவர் செய்தாரா இல்லையா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. பதினான்கு ஆண்டு கழித்து எல்லாம் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. அதனால் அதிகம் இழந்தது, புகார் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாணவிகள்.

சான்று காட்டுவதும் காட்டாததும்

வழக்கின் சான்றுகளுக்கு வருவோம். முதல் குற்றச்சாட்டுக்குப் புகார்தாரர் எட்டு ஸ்க்ரீன்ஷாட்களைக் கொடுத்தார். இரவு பத்து மணிக்கு மேல் வந்த செய்திகள். 'தூங்கியாச்சா?' என்று ஆரம்பித்து, 'அந்தப் பச்சைப் புடவையில ஒரு போட்டோ அனுப்பு' என்பது வரை. அவருடைய பதில்களில் ஒன்று: 'சார், வேலை விஷயம் மட்டும் பேசுங்க.'

ஸ்க்ரீன்ஷாட் வெட்டி ஒட்டக்கூடியது. நடுவில் உள்ளதை விட்டுவிட்டும் எடுக்கலாம். எனவே குழு ஸ்க்ரீன்ஷாட்டோடு நிற்கவில்லை. அமர்வில் புகார்தாரரின் போனைத் திறந்து காட்டச் சொல்லி, முழு உரையாடலையும் வாட்ஸ்அப்பிலிருந்து ஏற்றுமதி செய்து வாங்கி, எண், தேதி, நேரம் ஆகியவற்றை எட்டு ஸ்க்ரீன்ஷாட்களோடும் ஒப்பிட்டது. இரு தரப்பும் அந்த அச்சுப்பிரதியில் கையெழுத்திட்டன. மேலாளரின் போனில் அந்த உரையாடல் அழிக்கப்பட்டிருந்தது. "இடம் போதாமல் எல்லா சாட்டையும் அழித்தேன்" என்றார். அதையும் குழு அப்படியே பதிவு செய்தது, கிண்டல் தொனிக்கும் ஒரு சொல்கூட இல்லாமல்.

முழு உரையாடலில் ஒரு விஷயம் புகார்தாரருக்கு வசதியில்லாததாக இருந்தது. ஏப்ரல் 10 அன்று மேலாளர் அனுப்பிய ஒரு ஜோக்குக்கு அவர் சிரிக்கும் எமோஜி போட்டிருந்தார். "அவரும் சிரித்துத்தானே பேசினார், இது நட்பு" என்பது மேலாளரின் வாதம். நல்ல அறிக்கை அந்த எமோஜியை மறைக்காது. பதிவு செய்யும். அது ஆலை கேன்டீன் பற்றிய ஜோக்குக்கான பதில் என்றும், அதற்குப் பிறகு வந்த தனிப்பட்ட செய்திகளுக்கு இரண்டு முறை 'வேண்டாம்' என்று சொல்லி, பிறகு பதிலே போடாமல் விட்டிருக்கிறார் என்றும் சேர்த்து எழுதும். தன் முடிவுக்கு எதிராக நிற்கும் சான்றையும் எடுத்து வைத்து, அது ஏன் முடிவை மாற்றவில்லை என்று சொல்லும் அறிக்கையைத்தான் எதிர்தரப்பும் நம்பிப் படிக்கும்.

இரண்டாவது குற்றச்சாட்டு கடினமானது. ஸ்டாக் ரூமுக்குள் கேமரா இல்லை. பார்த்த சாட்சியும் இல்லை. புகாரில் 'மே 15, வியாழன் மாலை' என்று இருந்தது. மேலாளரின் எழுத்துப் பதில், "அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்க நான் மாலையில் ஸ்டாக் ரூமுக்கே போகவில்லை" என்றது.

ஆலையின் கண்காணிப்புக் கேமராப் பதிவு முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். புகார் வந்த இரண்டாவது நாளே, ஜூன் 4 அன்று, தாழ்வாரக் கேமராவின் மே மாதப் பதிவைப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தும்படி குழுத் தலைவர் செக்யூரிட்டி பிரிவுக்கு எழுதினார். மூன்று வாரம் தள்ளிப்போட்டிருந்தால் இந்த வழக்கின் முக்கியச் சான்று இருந்திருக்காது. குழுக்கள் வழக்கமாகச் செய்யும் பெரிய தவறு இதுதான்: எதிர்தரப்பின் பதில் வந்த பிறகு சான்று தேடலாம் என்று இருந்துவிடுவது.

வியாழக்கிழமைப் பதிவில் ஒன்றும் இல்லை. மறுநாள், மே 16 வெள்ளி, மாலை 6.42-க்குப் புகார்தாரர் ஸ்டாக் ரூமுக்குள் போகிறார். 6.44-க்கு மேலாளர் போகிறார். 6.46-க்குப் புகார்தாரர் வெளியே வருகிறார். 6.49-க்கு மேலாளர் வருகிறார்.

இதை அறிக்கையில் எப்படி எழுதுவது என்பதில்தான் நடுநிலை இருக்கிறது. 'புகார்தாரர் அழுதுகொண்டே ஓடி வருவது கேமராவில் தெரிகிறது' என்று எழுத ஆசை வரும். ஆனால் கேமரா இருப்பது முதுகுப் பக்கம், முகம் தெரியாது. எனவே அறிக்கை எழுதியது: "புகார்தாரர் 6.46-க்கு வெளியே வந்து, வேகமான நடையில் இடப்பக்கம் திரும்புவது பதிவாகியுள்ளது. முகம் தெரியவில்லை. அறையின் உட்பகுதி பதிவில் இல்லை." கண் பார்த்தது ஒரு வாக்கியம். மனம் ஊகித்தது இன்னொரு வாக்கியம். முன்னது சான்றுப் பகுதிக்கும், பின்னது தேவைப்பட்டால் முடிவுப் பகுதிக்கும் போக வேண்டும்.

அதே பிரிவில் வேலை பார்க்கும் மூத்த பெண்மணி ஒருவர் வாக்குமூலம் தந்தார். அன்று ஏழு மணி பஸ்ஸுக்கு முன்னால், தண்ணீர்க் குழாய் அருகே புகார்தாரர் அழுதுகொண்டிருந்ததாகவும், கேட்டபோது "அக்கா, சார் என் கையைப் பிடிச்சுட்டார்" என்று சொன்னதாகவும் கூறினார். அறைக்குள் நடந்ததை இவர் பார்க்கவில்லை. ஆனால் சம்பவம் முடிந்த சில நிமிடங்களில், புகார் கொடுக்கும் எண்ணமெல்லாம் வருவதற்கு முன்பே, புகார்தாரர் அதே விஷயத்தைச் சொன்னார் என்பதற்குச் சாட்சி. அந்த அளவுக்கு மட்டும்தான் அவருடைய சாட்சியத்துக்கு எடை. அறிக்கையும் அவரை 'நேரில் பார்த்தவர்' ஆக்காமல் அந்த அளவோடு நிறுத்தியது.

எதிர்தரப்பு இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யக் கேட்டது. நேருக்கு நேர் உட்கார வைத்தால் சாட்சி மிரளக்கூடும் என்பதால், கேள்விகளை எழுத்தில் வாங்கிக் குழுவே கேட்டது. இது பல குழுக்கள் கையாளும் முறை. கேட்ட கேள்விகளும் பதில்களும் இணைப்பில் சேர்க்கப்பட்டன. புகார்தாரரின் உடை பற்றியும் அவருடைய பழைய நட்பு பற்றியும் இருந்த இரண்டு கேள்விகள் மூன்று குற்றச்சாட்டில் எதற்கும் சம்பந்தமில்லாதவை என்பதால் விடப்பட்டன. விட்டதற்கான காரணமும் எழுதப்பட்டது.

எந்த அளவு நிரூபணம் போதும்?

கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இங்கே அந்த அளவுகோல் இல்லை. இது துறைசார் விசாரணை. கிடைத்த சான்றுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், நடந்திருக்க வாய்ப்பு அதிகமா, நடக்காமல் இருந்திருக்க வாய்ப்பு அதிகமா என்று பார்த்தால் போதும். இந்த வேறுபாடு தெரியாத குழுக்கள் 'நேரில் பார்த்த சாட்சி இல்லை, எனவே நிரூபணமாகவில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடும். ஆனால் தனியறையில் நடப்பதற்குச் சாட்சி இருப்பது அபூர்வம்.

இதற்கு முன்னோடி, 1999-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆயத்த ஆடை ஏற்றுமதி ஊக்குவிப்புக் கவுன்சில் வழக்கு. உடலைத் தொட்டதாக நிரூபணமாகவில்லை என்று சொல்லி, பணிநீக்கம் செய்யப்பட்ட அதிகாரிக்கு உயர் நீதிமன்றம் மறுபடி வேலை கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சின்னச் சின்ன முரண்பாடுகளைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், வழக்கின் முழுச் சூழலையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி பணிநீக்கத்தை உறுதி செய்தது.

நம் வழக்கின் சின்ன முரண்பாடு அந்த ஒருநாள் வித்தியாசம். புகாரில் வியாழன், பதிவில் வெள்ளி. அறிக்கை இதை ஒளிக்கவில்லை. புகார்தாரரிடம் கேட்டது. இரண்டு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதியதால் தேதி மாறியிருக்கலாம் என்றும், ஸ்டாக் எடுத்த நாள் அது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது என்றும் சொன்னார். ஸ்டாக் பதிவேட்டில் அந்தக் கணக்கெடுப்பு மே 16 என்றே இருந்தது.

மேலாளரின் முரண்பாடு வேறு மாதிரி. அந்த வாரமே போகவில்லை என்று எழுத்தில் சொன்னவர், கேமராப் பதிவைக் காட்டியதும், "ஸ்டாக் சரிபார்க்கப் போனேன், அவரிடம் பேசவே இல்லை" என்றார். ஒருவர் தேதியில் ஒருநாள் தவறினார். இன்னொருவர் அங்கே இருந்ததையே மறுத்துவிட்டு, பிறகு ஒப்புக்கொண்டார். இரண்டும் ஒரே எடை உள்ள தவறுகள் அல்ல என்று காரணத்தோடு எழுதி, இரண்டாவது குற்றச்சாட்டு வாய்ப்புகளின் அடிப்படையில் நிரூபணமாகிறது என்று குழு முடித்தது. முதல் குற்றச்சாட்டு ஆவணத்தாலேயே நிரூபணமானது.

"தவறான எண்ணத்தோடு அனுப்பவில்லை" என்பது மேலாளரின் கடைசி வாதம். சட்டம் பார்ப்பது அந்தச் செயல் விரும்பத்தகாததாக இருந்ததா என்பதைத்தான். சென்னை உயர் நீதிமன்றமும் 2025 ஜனவரியில், ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவன ஊழியரின் வழக்கில், செய்தவரின் நோக்கத்தைவிட அந்தச் செயல் எதிரில் உள்ள பெண்ணால் எப்படி உணரப்பட்டது என்பதற்கே முதலிடம் தந்தது.

நிரூபணமாகாதது பொய் அல்ல

மூன்றாவது குற்றச்சாட்டு ஒரு தாளில் தீர்ந்தது. புகார்தாரரின் மதிப்பெண் முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது உண்மை. அது அவருக்குத் தெரிய வந்தது மே மாதக் கடைசியில். ஸ்டாக் ரூம் சம்பவத்துக்கு இரண்டு வாரம் கழித்து. பழிவாங்கினார் என்று அவர் நினைத்தது இயல்பு. ஆனால் மனிதவளப் பிரிவின் மின்னஞ்சலைப் பார்த்தால், மேலாளர் அந்த மதிப்பெண்ணைப் போட்டு அனுப்பியது மார்ச் 28. முதல் வாட்ஸ்அப் செய்தி வந்தது ஏப்ரல் 8. அனுப்பிய பிறகு மதிப்பெண் மாற்றப்படவும் இல்லை. எனவே, மூன்றாவது குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை.

மற்ற இரண்டும் நிரூபணமானதால் இதையும் சேர்த்துவிடலாம் என்ற சபலம் குழுவுக்குள் வரும். வெளியே சொல்லப்படாத ஒரு நியாயமும் அதற்கு இருக்கும்: 'அதைச் செய்தவர் இதையும் செய்திருப்பார்.' ஒவ்வொரு குற்றச்சாட்டையும் அதனதன் சான்றை வைத்துத் தனியாக முடிவு செய்வது இந்தச் சபலத்துக்கான தடுப்பு. மூன்றாவதை ஆதாரமில்லாமல் சேர்த்திருந்தால், மேல்முறையீட்டில் அது உடையும்போது மற்ற இரண்டும் சந்தேகத்துக்குள்ளாகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. நிரூபணமாகவில்லை என்று எழுதியதும், "அப்போ பொய்ப் புகார்தானே, அவர் மீது நடவடிக்கை எடுங்கள்" என்று எதிர்தரப்பு கேட்கும். சட்டம் இதைத் தெளிவாகத் தடுக்கிறது. புகாரை நிரூபிக்க முடியாமல் போவது மட்டுமே நடவடிக்கைக்குக் காரணமாகாது. தீய நோக்கத்தோடு, பொய் என்று தெரிந்தே கொடுத்தார் என்பதைத் தனியாக விசாரித்து நிறுவ வேண்டும். நம் அறிக்கை அதற்கு இரண்டு வாக்கியம் எழுதியது: மதிப்பெண் எப்போது போடப்பட்டது என்பது புகார்தாரருக்குத் தெரிய வாய்ப்பில்லை, அவர் நம்பியதற்கு நியாயமான காரணம் இருந்தது.

பரிந்துரை என்னும் தனிப் பகுதி

மேலாளர் பதினைந்து வருடம் அப்பழுக்கில்லாமல் வேலை பார்த்தவர். இரண்டு முறை சிறந்த ஊழியர் விருது வாங்கியவர். இந்தத் தகவலை எங்கே வைப்பது? முடிவுப் பகுதியில் வைத்தால், நல்ல ஊழியர் என்பதால் மே 16 அன்று அறைக்குள் நடந்தது நடக்கவில்லை என்றாகிவிடும். அதன் இடம் பரிந்துரைப் பகுதி. நடந்ததா என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகு, எவ்வளவு கடுமையான நடவடிக்கை என்ற கேள்விக்கு அது பொருந்தும். கேன்டீன் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடும் இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்து வைப்பதுதான் அறிக்கையின் சாரம்.

நிறுவனத்தின் பணி விதிகளில் என்ன தண்டனை உண்டோ அதையே பரிந்துரைக்க வேண்டும். அப்படி விதிகள் இல்லாவிட்டால், எழுத்துமூல மன்னிப்பு, எச்சரிக்கை, கண்டனம், பதவி உயர்வையோ சம்பள உயர்வையோ நிறுத்தி வைத்தல், பணிநீக்கம், ஆலோசனை அமர்வு, சமூகப் பணி ஆகியவற்றை 2013 விதிகள் பட்டியலிடுகின்றன. இங்கே குழு, ஓர் ஆண்டு சம்பள உயர்வை நிறுத்தவும், மேலாளரை வேறு பிரிவுக்கு மாற்றவும் பரிந்துரைத்தது. மாற்றப்படுபவர் அவரே, புகார்தாரர் அல்ல என்பதையும் எழுதியது. 'பிரச்சினை வேண்டாம்' என்று புகார் கொடுத்தவரையே வேறு யூனிட்டுக்கு அனுப்புவது நிர்வாகங்களின் பழைய பழக்கம். கொடுத்தவருக்கே அது தண்டனையாகிவிடும்.

இழப்பீடு பரிந்துரைத்தால் கணக்கு காட்ட வேண்டும். மன வேதனை, வேலை வாய்ப்பு இழப்பு, மருத்துவச் செலவு, எதிர்தரப்பினரின் வருமானம், ஒரே தவணையில் கட்ட முடியுமா என்பவற்றைப் பார்க்கச் சட்டம் சொல்கிறது. மதிப்பெண் குற்றச்சாட்டு நிரூபணமாகாததால், அதனால் இழந்த சம்பள உயர்வை இங்கே இழப்பீட்டில் சேர்க்க முடியாது. மனநல மருத்துவரிடம் போன பில்களையும் மன வேதனையையும் மட்டுமே குழு கணக்கில் எடுத்தது. முடிவுப் பகுதியில் இல்லாத ஒன்று பரிந்துரைப் பகுதியில் முளைக்கக் கூடாது.

அறிக்கை கைக்கு வந்தால்

இரு தரப்பும் ஊழியர்கள் என்றால், முடிவுகளின் நகலை இருவருக்கும் கொடுத்து, ஆட்சேபம் இருந்தால் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். சில குழுக்கள் இந்தப் படியை விட்டுவிட்டு நேராக நிர்வாகத்துக்கு அனுப்பிவிடுகின்றன. அந்தத் தவறு ஒன்றே அறிக்கையைக் கவிழ்க்கப் போதும். ஆட்சேபங்களைப் பார்த்து விசாரணையை முடித்த பத்து நாட்களுக்குள் அறிக்கை நிர்வாகத்திடம் போக வேண்டும். அதன் மீது அறுபது நாட்களுக்குள் நிர்வாகம் செயல்பட வேண்டும். பரிந்துரையிலோ, அதை நிறைவேற்றாததிலோ குறை இருந்தால் தொண்ணூறு நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இதில் எந்த விவரத்தையும் வெளியே விடக் கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் தர முடியாது.

அந்த நகல் புகார்தாரராகவோ எதிர்தரப்பினராகவோ உங்கள் கைக்கு வந்தால், கடைசிப் பக்கத்தில் இருக்கும் தண்டனையை முதலில் பார்ப்பது இயல்புதான். ஆனால் ஆட்சேபம் எழுதுவதற்கு அது உதவாது. நீங்கள் சொன்ன ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும், நீங்கள் வைத்த ஒவ்வொரு மறுப்புக்கும் தனித்தனி விடை இருக்கிறதா? அந்த விடைக்கு எந்தச் சான்று, ஏன் ஏற்கப்பட்டது அல்லது ஏற்கப்படவில்லை என்ற காரணம் இருக்கிறதா? நீங்கள் பார்க்காத, பதில் சொல்ல வாய்ப்புக் கிடைக்காத ஆவணம் எதையாவது நம்பி முடிவெடுத்திருக்கிறார்களா? இந்த மூன்றில் எங்கே இடிக்கிறதோ, அங்கே பக்க எண்ணைக் குறித்து, குழு கொடுத்த கெடுவுக்குள் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அப்போது சொல்லாமல் விட்டதை மேல்முறையீட்டில் முதன்முறையாகச் சொன்னால், 'அன்றே ஏன் சொல்லவில்லை?' என்ற கேள்விக்குத்தான் முதலில் பதில் தேட வேண்டியிருக்கும்.